நோட்டீஸ் போர்டு டைம்டேபிள் படத்தை வாராந்திர அட்டவணையாக மாற்றுவது எப்படி

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரம் டைம்டேபிளை போர்டில் ஒட்டுவார்கள். எல்லோரும் செல்போனில் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்து, திறக்கவும் தேடவும் திருத்தவும் முடிகிற ஒரு அட்டவணை செய்ய உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். DS என்றால் எது? மூன்று கட்டங்களை ஒன்றாக்கி நடுவில் LAB என்று எழுதியிருந்தால் அது எந்த பீரியடில் தொடங்குகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் மீதி வெறும் தட்டச்சு வேலை.

இங்கே எடுத்துக்கொள்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் உள்ள கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் செமஸ்டர். மாதிரி டைம்டேபிளில் ஐந்து நாள், நாளுக்கு ஏழு பீரியட், மொத்தம் 35. அட்டவணை செய்ய கூகுள் ஷீட்ஸ். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடக் குறியீடுகள் வேறாக இருக்கும், ஆனால் வழிமுறை அதேதான்.

படம் எடுக்கும்போது

இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று, தாளின் நான்கு மூலையும் தெரியும்படி முழுப் படம். இன்னொன்று, அடியில் இருக்கும் சிறிய பட்டியலை மட்டும் கிட்டத்தில் எடுத்தது. பாடக் குறியீடு, பாடப்பெயர், ஆசிரியரின் இனிஷியல் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். பலர் அதை வெட்டிவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்து வந்துவிடுகிறார்கள். பிறகு சுருக்கங்களை விரிக்க வழியில்லாமல் தவிக்கிறார்கள்.

போர்டுக்குக் கண்ணாடி இருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். செல்போனைத் தாளுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் எழுத்தைப் படித்துவிடலாம், ஆனால் ஒரு வார்த்தை எந்தக் கட்டத்தின் நடுவில் இருக்கிறது என்பது தெரியாமல் போகும். அது ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும். மேலே மூலையில் w.e.f. என்று போட்டு ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி முதல் அமல் என்று பொருள். அதையும் விட்டுவிடாதீர்கள். திருத்திய டைம்டேபிள் வரும்போது எது பழையது எது புதியது என்பதை அந்தத் தேதிதான் சொல்லும்.

வரிசைத் தலைப்பில் திங்கள், செவ்வாய்க்குப் பதிலாக Day I, Day II என்று இருந்தால் அது டே ஆர்டர் முறை. கலை அறிவியல் கல்லூரிகளில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். இடையில் விடுமுறை வந்தால் ஆர்டர் நகர்ந்துவிடும் என்பதால், அதைக் கிழமைகளில் பூட்டக் கூடாது. கிழமை வரும் இடத்திலெல்லாம் டே ஆர்டரையே எழுதிக்கொண்டு கீழே உள்ளபடி செய்யலாம்.

தானாகப் படிக்க விட்டால் என்ன ஆகும்

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது. அடியில் உள்ள பாடப் பட்டியலுக்கு அது நன்றாகவே உதவும். மேலே உள்ள கட்டங்களுக்கு உதவாது. இடைவேளை, மதிய உணவு இரண்டுக்கும் தாளில் மேலிருந்து கீழாக ஒரே நீளக் கட்டம் போட்டு, எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். BREAK என்பதில் ஐந்து எழுத்து, LUNCH என்பதில் ஐந்து எழுத்து, வாரத்தில் ஐந்து நாள். எழுத்து பிரிக்கும் வசதி ஒவ்வொரு வரியாகப் படிப்பதால் திங்கள்கிழமை இப்படி வரும்:

```
MON  DM  OOP  B  DPCO  DS  L  B1: DS LAB / B2: OOP LAB
```

செவ்வாய்க்கு R-உம் U-உம், புதனுக்கு E-உம் N-உம் வரும். நடுவில் நிற்கும் இந்த ஒற்றை எழுத்துகளை ஏதோ பாடத்தின் சுருக்கம் என்று நினைத்துத் தேடியவர்கள் உண்டு. OOP என்பது பூஜ்யங்களோடு 00P என்று வருவதும், B1 என்பது 81 ஆவதும் தனி. தட்ட வேண்டியதோ மொத்தம் 25 வரி. கையால் தட்டிவிடுவதே மேல். பிழை திருத்தும் நேரத்தில் இரண்டு முறை தட்டிவிடலாம்.

முதலில் மணி

ஷீட்ஸில் Time என்று ஒரு தாள் திறந்து, தலைப்பு வரிசையில் உள்ள மணிகளை மட்டும் முதலில் எழுதுங்கள். A-யில் பீரியட் எண், B-யில் தொடக்கம், C-யில் முடிவு.

| பீரியட் | தொடக்கம் | முடிவு |
|---|---|---|
| 1 | 09:00 | 09:50 |
| 2 | 09:50 | 10:40 |
| 3 | 10:55 | 11:45 |
| 4 | 11:45 | 12:35 |
| 5 | 13:20 | 14:10 |
| 6 | 14:10 | 15:00 |
| 7 | 15:00 | 15:50 |

தாளில் 1.20 என்று புள்ளி வைத்துத்தான் இருக்கும். அப்படியே தட்டினால் ஷீட்ஸ் அதை மணியாக எடுக்காது, 1.2 என்ற எண்ணாகவே வைத்துக்கொள்ளும். 1:20 என்று தட்டினால் அது அதிகாலை ஒரு மணி இருபது. வரிசைப்படுத்தும்போது மதிய வகுப்பெல்லாம் காலை வகுப்புக்கு மேலே போய் உட்காரும். அதனால் 24 மணிக் கணக்கில் 13:20 என்று தட்டுவதே சரி. 9-10 என்று சேர்த்து எழுதினால் அது தேதியாக மாறிவிடக்கூடும். தொடக்கமும் முடிவும் தனித்தனி நெடுவரிசையில் இருக்கட்டும்.

இடைவேளைக்கும் மதிய உணவுக்கும் பீரியட் எண் கொடுக்க வேண்டாம். 10:40-க்கும் 10:55-க்கும் நடுவிலும், 12:35-க்கும் 13:20-க்கும் நடுவிலும் உள்ள இடைவெளியிலேயே அவை தெரிந்துவிடுகின்றன.

இணைத்த கட்டத்தைப் படிப்பது

ஒரு கட்டம் இணைக்கப்பட்டதா, அல்லது பக்கத்துக் கட்டம் சும்மா காலியாக இருக்கிறதா? படத்தில் மெல்லிய கோடு மங்கிப்போயிருந்தால் இதைச் சொல்வது கடினம். கோட்டை விட்டுவிட்டு எழுத்தின் நடுப்புள்ளியைப் பாருங்கள். இணைத்த கட்டத்தில் எழுத்தை நடுவில் வைப்பதுதான் வழக்கம். மூன்று பீரியட் இணைந்திருந்தால் எழுத்து இரண்டாவது பீரியடுக்கு நேர் கீழே நிற்கும். இரண்டு பீரியட் இணைந்திருந்தால் எழுத்தின் நடு, இரண்டு பீரியடையும் பிரிக்கும் கோட்டின்மேல் விழும். தலைப்பு வரிசையில் உள்ள கோட்டிலிருந்து ஒரு ஸ்கேல் வைத்துக் கீழே இறக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். படம் நேராக இருக்க வேண்டும் என்றது இதற்காகத்தான்.

நமது மாதிரியில் திங்கள் மதியம் B1: DS LAB / B2: OOP LAB என்பது 6-ஆம் பீரியடின் கீழே இருக்கிறது. மூன்று கட்டத்தின் நடு அது. பார்த்தபடி தட்டியவர் 6-இல் மட்டும் லேப் போட்டுவிட்டு, 5-ஐயும் 7-ஐயும் ஃப்ரீ என்று நினைத்துக்கொள்வார், மதியம் 1.20-க்குத் தொடங்கும் லேபுக்கு 2.10-க்குப் போய் நிற்பார்.

வெள்ளிக்கிழமை PD என்பதன் நடு 5-க்கும் 6-க்கும் இடைக்கோட்டில் இருக்கிறது. ஆக, இரண்டு பீரியட். புதன் மதிய DPCO LAB, வியாழன் காலை T&P இரண்டும் அப்படியே.

செவ்வாய் காலை இன்னொரு வகை. முதல் இரண்டு பீரியடில் ஒரு DS LAB கட்டம், BREAK நெடுங்கட்டம் குறுக்கே போகிறது, பிறகு 3, 4-இல் இன்னொரு DS LAB கட்டம். இவை இரண்டு லேப் அல்ல. ஒரே லேபை இடைவேளைக் கட்டம் இரண்டாக வெட்டியிருக்கிறது. பதியும்போது 1 முதல் 4 வரை ஒரே வரி.

கவனம் தப்புவது மேலும் கீழும் இணைத்த கட்டத்தில்தான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முதல் பீரியட் DPCO. தட்டச்சு செய்தவர் இரண்டு கட்டத்தையும் இணைத்து ஒரே DPCO போட்டிருக்கிறார். எழுத்து வியாழனுக்கும் வெள்ளிக்கும் இடைக்கோட்டில் நிற்கிறது. வரி வரியாகப் படித்து வருபவர் அதை வியாழனோடு சேர்த்துவிட்டு வெள்ளி முதல் பீரியடைக் காலியாக விடுவார். இப்படிப்பட்ட கட்டத்தை இரண்டு நாளுக்கும் தனித்தனி வரியாகப் பதிய வேண்டும்.

கட்டமாகத் தட்டாமல் பட்டியலாகத் தட்டுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் படத்தில் உள்ள அதே வடிவத்தை ஷீட்ஸில் வரைந்து, கட்டங்களை இணைக்கத் தொடங்குவார்கள். அது வேண்டாம். இணைத்த கட்டத்தில் மதிப்பு இடது மேல் மூலையில் உள்ள கட்டத்தில் மட்டும்தான் இருக்கும், மற்றவை வெறுமை. எத்தனை பீரியட் என்று எண்ணினால் மூன்று பீரியட் லேப் ஒன்றாகத்தான் கணக்கில் வரும்.

List என்ற தாளில், ஒரு வகுப்புக்கு ஒரு வரி என்று பதியுங்கள். எந்த பீரியடில் தொடங்கி எதில் முடிகிறது என்ற இரண்டு எண்களே கட்ட இணைப்பின் வேலையைச் செய்துவிடும். பேட்ச் பிரித்த இடங்களில் உங்கள் பேட்சை மட்டும் எழுதுங்கள். இங்கே B1. இரண்டையும் எழுதினால் பின்னால் வரும் கணக்குச் சோதனையில் லேப் 3-க்குப் பதில் 6 என்று நிற்கும்.

| நாள் | தொடக்கம் | முடிவு | படத்தில் | குறி |
|---|---|---|---|---|
| திங்கள் | 4 | 4 | DS | DST |
| திங்கள் | 5 | 7 | DS LAB | DST-L |
| செவ்வாய் | 1 | 4 | DS LAB | DSC-L |
| வியாழன் | 1 | 1 | DPCO | DPCO |
| வெள்ளி | 1 | 1 | DPCO | DPCO |
| வெள்ளி | 3 | 3 | DM(T) | DM-T |

‘படத்தில்’ என்ற நெடுவரிசையில் தாளில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். ‘குறி’ என்பது நாம் வைக்கும் பெயர். ஒரு பாடத்துக்கு ஒரு குறி, இரண்டு பாடத்துக்கு ஒரே குறி வரக் கூடாது. இந்த இரண்டையும் ஏன் பிரித்து வைக்கிறோம் என்பதற்கு மேலே உள்ள இரண்டாவது, மூன்றாவது வரிகளைப் பாருங்கள். படத்தில் இரண்டும் DS LAB. ஆனால் இரண்டும் வேறு வேறு லேப்.

DS LAB எது என்று கண்டுபிடிப்பது

இந்த செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (CS3301) உண்டு, ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸ் (CS3352) உண்டு. இரண்டுக்கும் தனித்தனி லேப்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் CS3311, டேட்டா சயின்ஸ் லேப் CS3361. தியரிக்கு ஒன்றை DS, மற்றதை FDS என்று எழுதிவிடுகிறார்கள், பிரச்சினை இல்லை. லேபுக்கு வரும்போது இரண்டுமே DS LAB ஆகிவிடுகின்றன.

அடியில் உள்ள பட்டியலில் ஆசிரியர் இனிஷியல் இருந்து, கட்டத்திலும் அதே இனிஷியல் இருந்தால் உடனே முடிந்துவிடும். இல்லையென்றால் சிலபஸைத் திறந்து L, T, P என்ற மூன்று எண்களைப் பாருங்கள். வாரத்துக்கு எத்தனை லெக்சர், எத்தனை டுடோரியல், எத்தனை பிராக்டிகல் பீரியட் என்று அவை சொல்கின்றன. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபுக்கு 0-0-3. டேட்டா சயின்ஸ் லேபுக்கு 0-0-4. B1-க்கு திங்கள் மதியம் மூன்று பீரியட் இருப்பதால் அது டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப். செவ்வாய் காலை நான்கு பீரியட் இருப்பதால் அது டேட்டா சயின்ஸ் லேப். வியாழன் மதியம் பேட்ச் மாறுகிறது: B1-க்கு OOP லேப், B2-க்கு DS லேப். அதுவும் மூன்று பீரியட்தான், கணக்கு ஒத்துப்போகிறது.

இந்த செமஸ்டரின் மற்ற பாடங்களுக்கும் இதே எண்களை Key என்ற தாளில் எழுதுங்கள். A-யில் குறி, B-யில் முழுப்பெயர், C-யில் சிலபஸ் சொல்லும் பீரியட்.

| குறி | முழுப்பெயர் | சிலபஸ் பீரியட் |
|---|---|---|
| DM | டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் | 3 |
| DM-T | டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் டுடோரியல் | 1 |
| DPCO | டிஜிட்டல் பிரின்சிபிள்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் | 3 |
| DPCO-L | அதே பாடத்தின் லேப் | 2 |
| FDS | ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸ் | 3 |
| DST | டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் | 3 |
| OOP | ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் | 3 |
| DST-L | டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் | 3 |
| OOP-L | ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் லேப் | 3 |
| DSC-L | டேட்டா சயின்ஸ் லேப் | 4 |
| PD | புரொஃபஷனல் டெவலப்மென்ட் | 2 |

கூட்டினால் 30. வாரத்தில் 35 பீரியட் என்றால் மீதி ஐந்து கல்லூரி தன் விருப்பத்துக்குச் சேர்த்தது. மாதிரியில் LIB ஒன்று, MTR ஒன்று, PT ஒன்று, T&P இரண்டு. இவற்றுக்கும் Key தாளில் வரி வேண்டும், ஆனால் C காலியாகவே இருக்கும். LIB லைப்ரரி, MTR மென்டர் மீட்டிங், T&P டிரெயினிங் அண்ட் பிளேஸ்மென்ட் என்று ஊகிக்கலாம். PT மட்டும் ஒரு பொறி. ஒரு கல்லூரியில் அது விளையாட்டு பீரியட், இன்னொன்றில் பிளேஸ்மென்ட் டிரெயினிங். எந்த சிலபஸும் இதைத் தீர்க்காது. கிளாஸ் ரெப்பிடம் கேட்பது ஒன்றே வழி. கேட்கும்வரை முழுப்பெயர் இடத்தில் PT என்றே வைத்துவிடுங்கள். தவறாக விரித்த பெயரைவிட விரிக்காத சுருக்கம் நல்லது.

பெயரை விரிப்பதும் கணக்கு பார்ப்பதும்

ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வைத்து DS-ஐ டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்று மாற்றலாமே என்று தோன்றும். மாற்றினால் FDS-இன் வாலும் சேர்ந்து மாறி, F-க்குப் பின்னால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஒட்டிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை டேட்டா சயின்ஸ் லேபும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் ஆகிவிடும். இந்த இரண்டாவது பிழையைப் பார்த்ததும் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனெனில் பெயர் முழுமையாகத்தான் தெரியும். எனவே List தாளில் F2-இல் இந்த ஃபார்முலா:

```
=VLOOKUP(E2,Key!$A$2:$B$20,2,FALSE)
```

கடைசியில் உள்ள FALSE கட்டாயம். அதை விட்டுவிட்டால் ஷீட்ஸ் Key தாள் அகரவரிசையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, பக்கத்துப் பாடத்தின் பெயரைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடலாம். `#N/A` வந்தால் பெரும்பாலும் குறிக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும்.

G2-இல் அந்த வரி எத்தனை பீரியட் என்பது:

```
=C2-B2+1
```

Key தாளின் D2-இல், அந்தக் குறி வாரம் முழுவதும் எத்தனை பீரியட் வருகிறது என்பது:

```
=SUMIF(List!$E$2:$E$40,A2,List!$G$2:$G$40)
```

மூன்றையும் கீழே இழுத்துவிட்டு C-யையும் D-யையும் ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடு எந்த இடத்தில் படத்தைத் தவறாகப் படித்தோம் என்பதைக் கிட்டத்தட்ட விரலால் சுட்டும். DPCO 3-க்கு 2 என்று நின்றால் வியாழன், வெள்ளி இணைப்பைத் தவறவிட்டிருக்கிறீர்கள். DST-L 3-க்கு 1 என்றால் நடுக்கட்டத்தை மட்டும் பதிந்திருக்கிறீர்கள். DST-L 7 என்றும் DSC-L 0 என்றும் இருந்தால் இரண்டு DS LAB-உம் ஒரே குறியில் விழுந்துவிட்டன. G நெடுவரிசையின் மொத்தம் 35 வர வேண்டும்.

எண்ணிக்கை சிலபஸோடு ஒத்துப்போகவில்லை, படத்தையும் சரியாகத்தான் படித்திருக்கிறோம் என்ற நிலையும் வரும். சில துறைகள் கடினமான பாடத்துக்கு ஒரு பீரியட் கூடுதலாகக் கொடுப்பதுண்டு. அப்போது C-யை மாற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்.

வார அட்டவணை

Week என்ற தாளில் B1 முதல் H1 வரை 1 முதல் 7 வரை எண்கள். A2 முதல் A6 வரை கிழமைகள்; List தாளில் உள்ள அதே எழுத்து. B2-இல் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழும் இழுங்கள்:

```
=IFNA(TEXTJOIN(" / ",TRUE,FILTER(List!$F$2:$F$40,
 List!$A$2:$A$40=$A2,
 List!$B$2:$B$40<=B$1,
 List!$C$2:$C$40>=B$1)),"?")
```

அந்த நாளில், அந்த பீரியட் எந்த வரியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் விழுகிறதோ அந்தப் பாடத்தை இது எடுத்து வைக்கும். திங்கள் 5, 6, 7 மூன்றிலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் தானாக நிரம்பும். எங்காவது கேள்விக்குறி வந்தால் அந்த பீரியடுக்கு வரியே இல்லை, அல்லது அந்த வரியின் குறி Key தாளில் இல்லை. சாய்கோட்டோடு இரண்டு பாடம் வந்தால் இரண்டு வரி ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது. இந்த ஃபார்முலா ஷீட்ஸுக்கானது. எக்செலில் FILTER-க்குள் நிபந்தனைகளைக் காற்புள்ளியால் பிரிக்காமல், ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் வைத்துப் பெருக்கல் குறியால் சேர்க்க வேண்டும். IFNA-வுக்குப் பதில் IFERROR என்றும் போட வேண்டும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் தப்பு இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. திங்கள் 2-இல் OOP-உம் 3-இல் DPCO-உம் இடம் மாறி விழுந்திருந்தால் எந்த எண்ணிக்கையும் மாறாது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பதிந்தபோது நாள் நாளாக இடமிருந்து வலம் படித்திருப்பீர்கள்; சரிபார்க்கும்போது பீரியட் பீரியடாக மேலிருந்து கீழ் படியுங்கள். 1-ஆம் பீரியட்: DM, DS LAB, FDS, DPCO, DPCO. 2-ஆம் பீரியட்: OOP, DS LAB, DM, DS, OOP. படத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்து இப்படி ஏழு முறை இறங்கினால் முடிந்தது. இன்னொருவர் படிக்க நீங்கள் பார்த்தால் இன்னும் நல்லது.

அச்சடிக்கவோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடவோ அழகாக வேண்டுமென்றால், அப்போது மட்டும் கட்டங்களை இணைக்கலாம். Week தாளை ஒரு நகல் எடுத்து, எல்லாவற்றையும் நகலெடுத்து Ctrl+Shift+V-யால் மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். 2-க்கும் 3-க்கும் இடையில் இடைவேளைக்கு ஒரு நெடுவரிசையும், 4-க்கும் 5-க்கும் இடையில் உணவுக்கு ஒன்றும் செருகுங்கள். பீரியட் எண்ணுக்குக் கீழே ஒரு வரிசை செருகி, Time தாளிலிருந்து மணிகளை எழுதுங்கள். பிறகு லேப் கட்டங்களைக் கிடைமட்டமாக இணையுங்கள். வியாழன், வெள்ளி DPCO-வை மறுபடி மேலும் கீழுமாக இணைக்காதீர்கள். உங்களைக் குழப்பியது அடுத்தவரையும் குழப்பும். ஃபார்முலா உள்ள Week தாளை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திருத்திய டைம்டேபிள் போர்டில் ஏறும்போது, List தாளில் இரண்டு மூன்று வரியை மாற்றி w.e.f. தேதியைப் புதுப்பித்தால் போதும்.